87-க்கு அடுத்தது எது?

2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சல் இறுதிப் போட்டி நடந்தது. அமெரிக்காவின் சிமோன் மானுவலும் கனடாவின் பென்னி ஒலெக்சியாக்கும் ஒரே கணத்தில் சுவரைத் தொட்டார்கள். கடிகாரம் இருவருக்கும் 52.70 விநாடி என்று காட்டியது. இருவருக்கும் தங்கம் கொடுத்தார்கள். அடுத்து வந்தவர் சுவீடனின் சாரா ஷோஸ்ட்ரோம், 52.99 விநாடி. அவருக்குக் கிடைத்தது வெண்கலம். அந்தப் போட்டியில் வெள்ளி யாருக்குமே இல்லை.

ஷோஸ்ட்ரோம் இரண்டாவதா, மூன்றாவதா? ஆட்களை எண்ணினால் அவருக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஆகவே மூன்றாவது. நேரங்களை எண்ணினால் அவருக்கு முன்னால் இருப்பது 52.70 என்ற ஒரே நேரம்தான், ஆகவே இரண்டாவது. ஒலிம்பிக் ஆட்களை எண்ணுகிறது. இந்த அத்தியாயத்தில் நாம் மதிப்புகளை எண்ணப் போகிறோம். நீச்சலில் குறைந்த எண் வெல்கிறது, நமக்கு அதிக எண் வெல்கிறது; அந்த வேறுபாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டால் கேள்வி இதுதான்: ஒரு பட்டியலில் மிகப் பெரிய எண் எத்தனை முறை வந்தாலும், அதைவிடச் சிறியவற்றுள் பெரியது எது? பட்டியலை வரிசைப்படுத்தாமல் அதைக் கண்டுபிடிப்பது எப்படி?

வரிசைப்படுத்தினால் வேலை முடிந்துவிடும்தானே என்று தோன்றும். முடியும். ஆனால் அது கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் தேடும் வேலை. பத்து லட்சம் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்தச் சுமார் இரண்டு கோடி ஒப்பீடுகள் தேவைப்படும். 4,37,218-ஆவது இடத்தில் இருப்பது யார் என்பது நமக்கு வேண்டாம். அந்த எண் நம்முடைய இரண்டாமிடத்துக்கு லாயக்கில்லை என்று தெரிந்தால் போதும், அதைக் கீழே வைத்துவிடலாம்.

விடைத்தாள் கட்டு ஒன்று மேஜையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளாக எடுத்து மார்க்கைப் பார்க்கிறீர்கள். இடது பக்கம் இரண்டு இடங்கள் ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள்: மேலே இதுவரை பார்த்ததில் பெரிய மார்க், கீழே அதற்கு அடுத்தது. மற்ற தாள்களெல்லாம் வலது பக்கம் கவிழ்ந்து போகின்றன, திரும்பப் பார்க்கப் போவதில்லை. கட்டில் உள்ள மார்க்குகள் இந்த வரிசையில் வருகின்றன: 71, 87, 65, 87, 79, 42, 87, 79.

முதலில் 71. மேலே வைக்கிறோம், கீழிடம் காலி. அடுத்து 87. இது 71-ஐ விடப் பெரியது, ஆகவே 87 மேலே ஏறுகிறது, 71 கீழே இறங்குகிறது. இந்த இறக்கம் முக்கியம். மேலே இருந்த தாளைத் தூக்கி வலது பக்கம் போட்டுவிட்டால் இதுவரை பார்த்ததில் இரண்டாவது எது என்ற தகவல் கையை விட்டுப் போய்விடும். பிறகு 65 வருகிறது. இரண்டு இடத்துக்கும் ஆகாது. நான்காவதாக மறுபடி 87. இது மேலே இருக்கும் 87-ஐ விடப் பெரியதல்ல, சிறியதும் அல்ல. அது சொல்லும் செய்தி நமக்கு ஏற்கெனவே தெரிந்ததே, ஆகவே அதை வலது பக்கம் போடுகிறோம். ஐந்தாவது 79. 87-ஐ விடச் சிறியது, கீழே இருக்கும் 71-ஐ விடப் பெரியது. 71-ஐ எடுத்துவிட்டு 79-ஐ வைக்கிறோம். மீதி 42, 87, 79 மூன்றும் எதையும் மாற்றுவதில்லை. விடை 79.

இதையே நிரலாக எழுதினால் இப்படி வரும்:

```python
def second_largest(a):
    first = second = None
    for x in a:
        if first is None or x > first:
            first, second = x, first
        elif x < first and (second is None or x > second):
            second = x
    return second
```

இந்தச் சிறிய நிரலில் எத்தனை விதமாக வழுக்க முடியும் என்பது வியப்பானது. அதிகம் பேர் வழுக்கும் இடம் `x < first` என்ற சின்னத் துண்டு. அது இல்லாமல் வெறும் `elif second is None or x > second` என்று எழுதினால், நான்காவதாக வரும் 87 மேலே உள்ள 87-ஐ விடப் பெரியதல்ல என்பதால் முதல் வாசலில் திரும்பி, கீழே உள்ள 71-ஐ விடப் பெரியது என்பதால் இரண்டாம் வாசலில் நுழைந்துவிடும். இப்போது இரண்டு இடத்திலும் 87. தப்பு அதோடு நிற்பதில்லை. அடுத்து 79 வரும்போது அது கீழே உள்ள 87-ஐ விடச் சிறியதாக இருப்பதால் உள்ளே விடப்படாது. சரியான விடை கண்ணெதிரே வந்து, கதவு மூடியிருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போகிறது. `x > first` என்று எழுத வேண்டிய இடத்தில் `x >= first` என்று எழுதினாலும் இதே கதிதான்: பழைய 87 கீழே இறங்கி 71-ஐத் தள்ளிவிடும்.

இந்தப் பிழை ஒளிந்துகொள்ளவும் தெரிந்தது. பிழையுள்ள நிரலை 71, 71, 87 என்ற பட்டியலில் ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது 71 வந்ததும் மேலும் கீழும் 71 ஆகிவிடுகிறது; தப்பு நடந்துவிட்டது. ஆனால் அடுத்து 87 வந்து மேலே ஏற, மேலிருந்த 71 கீழே இறங்கி அந்தத் தப்பை அழித்துவிடுகிறது. விடை 71, அது சரியும்கூட. “ஒரே எண் இரண்டு முறை வரும் பட்டியலில் சோதித்துப் பார்த்துவிட்டேன்” என்று எழுதியவர் நிம்மதியாகச் சொல்வார். அவர் சோதித்தது திரும்ப வரும் எண்ணைத்தான். திரும்ப வரும் பெரிய எண்ணை அல்ல. 87, 71, 87 என்று கொடுத்திருந்தால் அக்கணமே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆகவே சோதனைப் பட்டியலைத் தேர்ந்தெடுக்கும்போது மிகப் பெரிய எண் ஒரு முறையாவது வேறொரு சிறிய எண்ணுக்குப் பிறகு மீண்டும் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொடக்க மதிப்பிலும் ஒரு குழி உண்டு. மார்க்குகளில் எதிர்ம எண் வராது என்ற பழக்கத்தில் இரண்டு இடங்களையும் 0 என்று தொடங்கிவிடுகிறோம். அதே நிரலைப் பனிப்பிரதேசத்து வெப்பநிலைப் பட்டியலுக்குக் கொடுங்கள்: -12, -5, -20, -5. எந்த எண்ணும் 0-வைத் தாண்டுவதில்லை. நிரல் 0 என்று பதில் சொல்லும். பட்டியலில் இல்லவே இல்லாத ஒரு வெப்பநிலை. சரியான விடை -12. இதைத் தவிர்க்கச் சிலர் முதல் எண்ணையே இரண்டு இடத்திலும் வைத்துத் தொடங்குவார்கள். அப்போது 87, 71, 79 என்ற பட்டியலில் கீழிடத்தில் 87 உட்கார்ந்துவிடும், அதை யாராலும் அசைக்க முடியாது. “இன்னும் யாரும் இல்லை” என்பதற்கு எண் அல்லாத ஓர் அடையாளம் வேண்டும். மேலே உள்ள நிரலில் `None` அந்த வேலையைச் செய்கிறது. பட்டியல் முழுவதும் 87 ஆக இருந்தால் கடைசியில் வெளிவருவதும் அதே `None`தான். அந்தப் பட்டியலில் இரண்டாவது பெரிய எண் என்று ஒன்று கிடையாது. 87 என்பதும் 0 என்பதும் அங்கே பொய்யான பதில்கள்.

இப்போது உழைப்பின் கணக்குக்கு வருவோம். மேலே உள்ள நிரல் ஒவ்வொரு எண்ணிடமும் மூன்று கேள்வி வரை கேட்கிறது: பெரியதைவிடப் பெரியவனா, பெரியதைவிடச் சிறியவனா, இரண்டாவதைவிடப் பெரியவனா. கேள்விகளின் வரிசையை மாற்றினால் போதும், பெரும்பாலான எண்களிடம் ஒரே கேள்விதான் மிஞ்சும். இரண்டு இடமும் நிரம்பிய பிறகு, வரும் எண்ணை முதலில் கீழிடத்தோடு ஒப்பிடுங்கள். அதைத் தாண்டாவிட்டால் மேலிடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, தாள் வலது பக்கம் போகிறது. தாண்டினால் மட்டும் மேலிடத்தைப் பார்க்க வேண்டும்.

எத்தனை எண்கள் தாண்டும்? எண்கள் எல்லாம் வேறுவேறாக, சீட்டுக் குலுக்கியதுபோல எப்படியோ கலைந்து வருகின்றன என்று கொள்வோம். நூறாவதாக வரும் எண் கீழிடத்தைத் தாண்ட வேண்டுமென்றால், அதுவரை வந்த நூறில் அது முதல் இரண்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கான வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு. ஆயிரமாவது எண்ணுக்கு ஆயிரத்துக்கு இரண்டு. இப்படி மூன்றாவது எண்ணிலிருந்து பத்து லட்சமாவது எண் வரை வாய்ப்புகளைக் கூட்டினால் சராசரியாக வெறும் 26 வருகிறது. பத்து லட்சம் பேர் வரும் வாசலில் 26 பேரிடம் மட்டும் இரண்டாவது கேள்வி கேட்டால் போதும். முதன்முதலாக இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்தபோது எங்கோ பூஜ்யத்தை விட்டுவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். 26தான்.

கலைந்து வரும்வரை இது பொருந்தும். பட்டியல் ஏறுவரிசையில் வந்தால் ஒவ்வொரு புது எண்ணும் பழைய எல்லாவற்றையும் தாண்டும், ஆகவே எல்லோரிடமும் இரண்டு கேள்வி. 1,024 எண்களுக்கு 2,045 ஒப்பீடுகள். இந்த மோசமான நிலையைக் குறைக்க முடியுமா என்ற கேள்வியின் வேர் ஒரு டென்னிஸ் மைதானத்தில் இருக்கிறது.

ஆலிஸின் அற்புத உலகக் கதையை லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் எழுதிய சார்லஸ் டாட்சன், ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தவர். டென்னிஸ் போட்டிகளில் பரிசு கொடுக்கும் முறை தவறு என்று 1883-இல் ஒரு சிறு நூலே எழுதி வெளியிட்டார். நாக்-அவுட் போட்டியில் இறுதியாட்டத்தில் தோற்றவருக்கு இரண்டாம் பரிசு கொடுக்கிறார்கள். ஆனால் உண்மையிலேயே இரண்டாவது சிறந்த ஆட்டக்காரர் அட்டவணையின் அதே பாதியில் முதல்வரோடு மாட்டிக்கொண்டால் இறுதிக்கு முன்பே தோற்றுப்போவார். 32 பேர் ஆடும் போட்டியில், முதல்வரின் இடம் போக மீதி 31 இடங்கள். அவற்றில் எதிர்ப் பாதியில் இருப்பவை 16. ஆகவே இரண்டாவது சிறந்தவர் இறுதிக்கு வரும் வாய்ப்பு 31-க்கு 16, ஏறக்குறையப் பாதிதான். மீதிப் பாதி வாய்ப்பில் வெள்ளிக் கோப்பை தகுதியில்லாதவர் கைக்குப் போகிறது.

ஆனால் இரண்டாவது சிறந்தவரை வேறு யாராலும் தோற்கடித்திருக்க முடியாது. அவரைத் தோற்கடிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவர்தான், அது முதல்வர். ஆகவே அவரைத் தேட வேண்டிய இடம் முதல்வரிடம் நேரடியாகத் தோற்றவர்களின் கூட்டம் மட்டுமே. எட்டு எண்களில் பார்ப்போம்: 71, 87, 83, 65, 79, 58, 60, 42. அடுத்தடுத்த ஜோடிகளாக மோதவிட்டால் 87, 83, 79, 60 வெல்கின்றன. அரையிறுதியில் 87 வென்று 83 வெளியேறுகிறது. இன்னொரு பக்கம் 79 வெல்கிறது. இறுதியில் 87, 79-ஐ வெல்கிறது. மொத்தம் 7 ஆட்டங்கள். பரிசளிப்பு விழாவில் 79 மேடையேறும். ஆனால் 87-இடம் தோற்றவை 71, 83, 79. இந்த மூன்றுக்குள் பெரியதைக் காண இன்னும் இரண்டே ஆட்டங்கள் போதும்: 83. மொத்தம் 9.

1,024 எண்கள் என்றால் 10 சுற்றுகள். 1,023 ஆட்டங்களில் முதல்வர் தெரிந்துவிடும், அவரிடம் தோற்ற பத்துப் பேருக்குள் 9 ஆட்டங்கள். ஆக 1,032. ஏறுவரிசையில் 2,045 கேட்ட வேலை இது. போலந்துக் கணிதவியலர் யூசெஃப் ஷ்ரையர் 1932-இல் இந்த வழியைச் சொன்னார். எந்தப் பட்டியல் வந்தாலும் இதைவிடக் குறைவான ஒப்பீடுகளில் முடிக்கும் வழி இருக்க முடியாது என்பதற்கான முழுமையான நிரூபணம் 1964-இல் ரஷ்யரான கிஸ்லிட்சினிடமிருந்து வந்தது.

ஏன் முடியாது என்பதைச் சோழிகளை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு எண்ணின் கையிலும் ஒரு சோழி. இரண்டு எண்கள் மோதும்போது, எவரிடம் அதிகச் சோழி இருக்கிறதோ அவரே வென்றார் என்று முடிவு சொல்லி, தோற்றவரின் சோழிகளை அவருக்குக் கொடுத்துவிடுகிறோம். எண்களின் மதிப்பு நமக்கு முன்கூட்டித் தெரியாததால் இப்படி முடிவு சொல்வதில் முரண் எதுவும் வராது. கடைசியில் 1,024 சோழியும் முதல்வர் கையில் சேர வேண்டும். ஓர் ஆட்டத்தில் கையிருப்பு அதிகபட்சம் இரட்டிப்பாகும்: 1, 2, 4, 8 என்று போனால் 1,024-ஐ எட்டப் பத்து ஆட்டம் வேண்டும். ஆகவே குறைந்தது பத்துப் பேர் முதல்வரிடம் நேரடியாகத் தோற்றிருப்பார்கள். அவர்களில் ஒருவரைத் தவிர மற்ற ஒன்பது பேரும் இரண்டாமவர் இல்லை என்று காட்ட, ஒவ்வொருவரும் இன்னொரு முறை தோற்றாக வேண்டும். 1,023-ம் 9-ம் சேர்ந்து 1,032. எவ்வளவு கெட்டிக்காரர் வந்தாலும் இதிலிருந்து ஒன்றைக்கூடக் குறைக்க முடியாது.

இந்த அழகான வாதம் முழுக்க ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: எல்லா எண்களும் வேறுவேறு. அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். அதே எட்டு இடங்களில் இப்போது 71, 87, 65, 42, 83, 87, 60, 58. முதல் சுற்றில் 87, 65, இன்னொரு 87, 60 வெல்கின்றன. அரையிறுதியில் இரண்டு 87-ம் வெல்கின்றன. இறுதியில் 87-ம் 87-ம் மோதுகின்றன. சமன். முதலாவது 87-ஐயே முதல்வர் என்று அறிவித்துவிட்டு, அவரிடம் தோற்றவர்களைப் பார்த்தால் 71, 65, பிறகு இறுதியாட்டத்து 87. மதிப்பு சமமான அந்த 87-ஐ ஒதுக்கினால் கிடைக்கும் விடை 71. உண்மையான விடை 83.

83 எங்கே போனது? அது முதல் சுற்றிலேயே மற்ற 87-இடம் தோற்றுவிட்டது. அதைத் தோற்கடித்தவர் முதல்வருக்குச் சமமானவர், ஆனால் முதல்வர் என்று பெயர் வாங்காதவர். நிரல் செய்த தவறு, சமன் ஆன ஆட்டத்தைத் தோல்வி என்று குறித்துக்கொண்டது. வெல்லவில்லை என்பதும் தோற்றார் என்பதும் ஒன்றல்ல. ஆகவே ஒவ்வொரு எண்ணும் தன்னிடம் தோற்றவர்களின் பட்டியலைக் கையில் வைத்திருக்கட்டும். சமன் வந்தால் இருவரின் பட்டியலையும் ஒன்றாகச் சேர்த்து, ஒருவர் மட்டும் அடுத்த சுற்றுக்குப் போகட்டும். அப்போது 71, 65 என்ற பட்டியலோடு 83, 60 சேர்கிறது. நான்கு பேருக்குள் மூன்று ஆட்டங்கள், விடை 83. மொத்தம் 10, ஷ்ரையரின் கணக்கைவிட ஒன்று அதிகம்.

எட்டில் ஒன்று அதிகம் என்பது சிறிய நஷ்டம். 1,024 எண்களில் 512 எண்கள் 87 ஆக இருந்து, முதல் சுற்றில் ஒவ்வொரு 87-ம் ஒரு சிறிய எண்ணோடு ஜோடி சேர்ந்தால் என்ன ஆகும்? முதல் சுற்றில் 512 சிறிய எண்களும் தோற்கின்றன. அதன்பின் நடக்கும் 511 ஆட்டங்களும் சமன். அவை எதையும் வடிகட்டுவதில்லை, பட்டியல்களைச் சேர்த்துக்கொண்டே போகின்றன. கடைசியில் முதல்வர் கையில் 512 பெயர்கள். அவற்றுக்குள் பெரியதைக் காண 511 ஒப்பீடுகள். 1,032-இல் முடிய வேண்டியது 1,534 ஆகிவிடுகிறது. 87 திரும்பத் திரும்ப வருவது இரண்டு தாள் முறையையும் தொடத்தான் செய்கிறது: கீழிடத்தைத் தாண்டி வரும் ஒவ்வொரு 87-க்கும் மேலிடத்தோடு ஓர் ஒப்பீடு கூடுதலாக ஆகும். ஆனால் அங்கே சேர்த்து வைக்க ஒன்றுமில்லை. ஒப்பிட்டு, சமம் என்று கண்டு, கவிழ்த்துவிடுகிறோம்.

எண்கள் வேறுவேறாகக் கலைந்து வரும் பத்து லட்சத்துக்கு மறுபடி கணக்குப் பார்த்தால், நாக்-அவுட் முறைக்குப் பத்து லட்சத்துக்கு மேல் 18 ஒப்பீடுகள், இரண்டு தாள் முறைக்குச் சராசரியாக 25. ஏழு ஒப்பீடுகளை மிச்சப்படுத்த நாக்-அவுட் முறை பத்து லட்சம் எண்களையும், யார் யாரிடம் தோற்றார்கள் என்ற குறிப்பையும் நினைவில் வைத்திருக்கக் கேட்கிறது. மற்றதற்கு மேஜையின் இடது பக்கத்தில் இரண்டு தாள் வைக்க இடம் இருந்தால் போதும். கட்டு எப்போது முடியும் என்றுகூட அதற்குத் தெரிய வேண்டியதில்லை.